சிவப்பு விழுந்தால் முதலில் ஏட்டைப் பாருங்கள்: மாதாந்த நிவாரண அட்டைக் கணக்கில் பிழை தேடும் வழிமுறை

சனசமூக நிலையங்களும் சங்கக்கடைகளும் அட்டைக்கு உலர் உணவு வழங்கும்போது வைத்திருக்கும் கணினி ஏட்டில், ஒவ்வொரு அட்டைக்கும் உரிய அளவு ஒரு பக்கமும் அந்த மாதம் எடுத்த அளவு மறுபக்கமும் நிற்கும். எடுத்தது கூடினால் அந்த வரி சிவப்பாகும். வரிசையில் நிற்கும் ஒருவரிடம் "உங்கட அட்டைக்கு முடிஞ்சுது" என்று சொல்வதற்கு அந்தச் சிவப்பு மட்டும் போதாது. சிவப்பு விழுவதற்கான காரணம் பல வேளைகளில் ஆளிடம் இருப்பதில்லை. திகதியிலோ, இலக்கத்திலோ, குடும்பத்து ஆட்தொகையிலோ இருக்கிறது. கீழே உள்ளவை அத்தகைய குழப்பங்களை அவற்றின் அறிகுறியைக் கொண்டு அடையாளம் காணும் முறை. எக்செல் மென்பொருளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கூகிள் விரிதாளில் வேறுபடும் ஓரிடத்தை அந்த இடத்திலேயே சொல்கிறேன்.

ஏட்டின் அமைப்பு

பெரும்பாலான ஏடுகள் நான்கு தாள்களால் ஆனவை. "அட்டைகள்" என்ற தாளில் அட்டை இலக்கம், குடும்பத் தலைவர், ஆட்தொகை ஆகியவை A, B, C நிரல்களில் இருக்கும். "அளவு" என்ற தாளில் பொருளின் பெயரும் தலைக்கு உரிய அளவும் இருக்கும். "வழங்கல்" என்ற தாளில் பொருள் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி விழும்: A இல் வழங்கிய திகதி, C இல் அட்டை இலக்கம், D இல் பொருள், E இல் அளவு, F இல் பதிந்தவர் பெயர். B நிரலை இப்போதைக்கு வெறுமையாக விட்டுவைக்கிறேன். அதற்கு வேலை பின்னால் வருகிறது. கடைசித் தாளான "ஒப்பீடு" A இல் அட்டையையும் B இல் பொருளையும் வைத்துக்கொண்டு, C இல் உரிய அளவையும் D இல் எடுத்த அளவையும் E இல் மீதியையும் காட்டும். எந்த மாதம் என்பது H1 என்ற கலத்தில் அந்த மாதத்தின் முதல் திகதியாக இருக்கும். அந்த இரண்டு முக்கிய சூத்திரங்களும் வழக்கமாக இப்படி இருக்கும்:

```
C2: =VLOOKUP(A2,'அட்டைகள்'!A:C,3,FALSE)*VLOOKUP(B2,'அளவு'!A:B,2,FALSE)

D2: =SUMIFS('வழங்கல்'!E:E,'வழங்கல்'!C:C,A2,'வழங்கல்'!D:D,B2,
     'வழங்கல்'!A:A,">="&$H$1,'வழங்கல்'!A:A,"<="&EOMONTH($H$1,0))
```

விளக்கத்துக்காகத் தலைக்கு மாதம் அரிசி 4000 கிராம், கோதுமை மா 2000 கிராம், பருப்பு 600 கிராம், சீனி 500 கிராம், தேங்காய் எண்ணெய் 300 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொள்கிறேன். இது எந்தத் திட்டத்தின் அளவும் அல்ல. கணக்குச் செய்துகாட்ட வசதியான எண்கள் மட்டுமே. நான்கு பேர் உள்ள அட்டைக்கு இதன்படி அரிசி 16,000 கிராம் வரும்.

அறிகுறி: வாங்கிச் சென்றவருக்கு எடுத்த அளவு 0 என்று நிற்கிறது

ஒப்பமிட்டுப் பொருள் வாங்கியவரின் வரியில் "ஒப்பீடு" தாளின் D நிரல் 0 காட்டினால், முதலில் பார்க்கவேண்டியது அட்டை இலக்கத்தை அல்ல, "வழங்கல்" தாளில் அளவு எழுதிய E நிரலை. அங்கே யாராவது 16000 என்று எழுதாமல் "16 கிலோ" என்று எழுதியிருந்தால் அது எண் அல்ல, எழுத்து. SUMIFS அதைப் பிழை என்றும் சொல்லாது, கூட்டவும் கூட்டாது, பேசாமல் தாண்டிச் சென்றுவிடும். எத்தனை வரிகள் இப்படி விடுபடுகின்றன என்பதை ஒரே சூத்திரத்தில் அறியலாம்:

```
=COUNTA('வழங்கல்'!E2:E2000)-COUNT('வழங்கல்'!E2:E2000)
```

விடை 0 என்றால் இந்த நிரல் சுத்தம். வேறு எண் வந்தால் அத்தனை வரிகளில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து இருக்கிறது. அந்த நிரலின் இட வல ஒழுங்கமைப்பை யாரும் மாற்றாமல் விட்டிருந்தால் அவை கலத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். உண்மையான எண்கள் வலது ஓரத்தில் நிற்கும்.

அளவு சரியாக இருந்தும் 0 தொடர்ந்தால் பொருளின் பெயரைச் சந்தேகிக்க வேண்டும். தமிழில் பெயர் எழுதும் ஏடுகளுக்கே உரிய சிக்கல் இது. "கோ" என்ற எழுத்தின் ஓகாரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். முன்னால் நிற்கும் ஏகாரக் குறி, பின்னால் நிற்கும் கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றே. தட்டச்சுச் செய்யும் செயலியைப் பொறுத்து உள்ளே விழும் குறிகள் மாறுகின்றன. கண்ணால் பிரித்தறிய முடியாததை LEN சொல்லிவிடும்: "கோதுமை மா" என்பதன் நீளம் முதல் முறையில் 9, இரண்டாம் முறையில் 10. நீளம் வேறுபட்டால் அவை இரண்டும் ஒரே சொல்லாக எழுதப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். கைத்தொலைபேசிச் செய்தியிலிருந்து வெட்டி ஒட்டும்போது கூடவே வந்துவிடும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளும் இதே வேலையைச் செய்யும். TRIM தனியாக அவற்றை நீக்காது. பின்வரும் சூத்திரத்தை ஒரு துணை நிரலில் இட்டு, வரும் பெயரைப் பெறுமதியாக மட்டும் "வழங்கல்" தாளின் D நிரலில் திருப்பி ஒட்டலாம்:

```
=TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(D2,UNICHAR(160)," "),UNICHAR(8204),""))
```

பழைய கோப்பொன்றைத் தொடர்ந்து பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் எழுதிய "அரிசி" கணினிக்கு mhprp என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அதற்கு அரிசி வேடம் போட்டிருக்கிறது. யூனிகோட் அரிசியோடு அது ஒருபோதும் பொருந்தாது. கலத்தின் எழுத்துருவை வேறொன்றாக மாற்றிப் பார்த்தால் வேடம் கலைந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் நிலையான தீர்வு ஒன்றுதான். "வழங்கல்" தாளின் D நிரலில் யாரும் பெயரைத் தட்டச்சுச் செய்யக் கூடாது. Data Validation மூலம் "அளவு" தாளின் பெயர்ப் பட்டியலையே கீழ்விரியும் பட்டியலாகக் கொடுத்து, அதிலிருந்து தெரிவுசெய்ய மட்டும் விட வேண்டும். ஆனால் ஒட்டப்படும் பெயரை அந்தக் கட்டுப்பாடு தடுப்பதில்லை என்பதால், ஒட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

அறிகுறி: இரண்டு அட்டைகள் ஒரே அளவைக் காட்டுகின்றன, இரண்டும் சிவப்பு

ஒரு கடைக்குக் கீழ் இரண்டு கிராம அலுவலர் பிரிவுகள் வரும்போது இந்தக் குழப்பம் தோன்றுகிறது. ஒரு பிரிவு தன் அட்டைகளுக்கு 047 என்று மூன்று இலக்கமாக எண் இட்டிருக்கும். மற்றது 47 என்று எழுதியிருக்கும். மனிதருக்கு இவை இரண்டு வேறு அட்டைகள். நிரலை எழுத்து வடிவமாக வைத்திருந்தால் VLOOKUP சூத்திரத்துக்கும் இரண்டு வேறு அட்டைகள்தான். ஆனால் SUMIFS எண்போலத் தெரியும் எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு ஒப்பிடுவதால் 047 உம் 47 உம் அதற்கு ஒன்றாகிவிடுகின்றன. விளைவாக உரிய அளவு ஒவ்வொரு அட்டைக்கும் சரியாக வரும். எடுத்த அளவோ இரண்டின் கூட்டுத்தொகையாக இரண்டு வரிகளிலும் தோன்றும். பாதி சரியாக இருப்பதாலேயே இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும்.

சந்தேகம் தோன்றினால் அந்த வரிக்குப் பக்கத்தில், கண்டிப்பாக ஒப்பிடும் SUMPRODUCT சூத்திரத்தை இட்டுப் பாருங்கள்:

```
=SUMPRODUCT(--('வழங்கல்'!$C$2:$C$2000=A2),
  --('வழங்கல்'!$D$2:$D$2000=B2),
  --('வழங்கல்'!$A$2:$A$2000>=$H$1),
  --('வழங்கல்'!$A$2:$A$2000<EDATE($H$1,1)),
  'வழங்கல்'!$E$2:$E$2000)
```

திகதி நிரல் சுத்தமாக இருக்கும்போது இதுவும் SUMIFS விடையும் வேறுபட்டால், பெரும்பாலும் இலக்கங்கள் மயங்குகின்றன என்பதே பொருள். இந்தச் சூத்திரத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நான் அதை விரும்புவதில்லை, ஏனெனில் இது மறுபக்கம் சாய்ந்த கண்டிப்பு: ஒரே அட்டையை ஒருவர் எண்ணாகவும் இன்னொருவர் எழுத்தாகவும் பதிந்தால் இரண்டையும் வேறாக்கிவிடும்.

இலக்கத்துக்கு முன்னால் எண்ணாக மாற்ற இயலாத ஓர் அடையாளத்தைச் சேர்ப்பதே தீர்வு. யாழ்ப்பாண மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளுக்கும் J/ என்று தொடங்கும் இலக்கம் ஏற்கெனவே இருப்பதால் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; பிரிவு இலக்கத்தோடு அட்டையின் இலக்கத்தைச் சேர்த்து, J/901-047 என்ற பாணியில் எழுதினால் போதும் (901 என்று ஒரு பிரிவு கிடையாது; உதாரணத்துக்கு எழுதினேன்). J ஐ விட்டுவிட்டுச் சாய்கோட்டை மட்டும் வைத்து 3/12 என்று எழுதுவது எதையும் தீர்க்காது, நிலைமையை மோசமாக்கும்: கலம் பொது வடிவத்தில் இருந்தால் எக்செல் அதைத் திகதி என்று எடுத்துக்கொண்டு, கணினியின் அமைப்பைப் பொறுத்து டிசம்பர் 3 ஆகவோ மார்ச் 12 ஆகவோ மாற்றிவிடும். அப்படி மாறியபின் பழைய இலக்கத்தைக் கைப்புத்தகத்தைப் பார்த்துத்தான் மீட்கலாம்.

அறிகுறி: ஒரு மாதம் இரட்டிப்பாக எடுத்ததாகவும் முந்தைய மாதம் ஒன்றும் எடுக்காததாகவும் காட்டுகிறது

ஆட்களோடு வாக்குவாதத்தை உண்டாக்குவது இந்த அறிகுறிதான். ஆகவே ஓர் அட்டையை எடுத்துக் கடைசிவரை பார்ப்போம்.

நான்கு பேர் உள்ள J/901-047 என்ற அட்டை. 2025 ஒக்டோபருக்குரிய அரிசி கடைக்கு வந்துசேரப் பிந்தியதால் 16,000 கிராமும் நவம்பர் 4ஆம் திகதி வழங்கப்பட்டது. நவம்பருக்குரிய 16,000 கிராம் அதே மாதம் 22ஆம் திகதி வழங்கப்பட்டது. அட்டைக்காரர் செய்தது எல்லாம் முறைப்படி. கடை செய்ததும் முறைப்படி. ஆனால் ஒப்பீட்டுத் தாளில் H1 ஐ ஒக்டோபர் ஆக்கினால் உரியது 16,000, எடுத்தது 0, மீதி 16,000 என்று வரும். நவம்பர் ஆக்கினால் உரியது 16,000, எடுத்தது 32,000, மீதி −16,000, முழுச் சிவப்பு. ஒக்டோபரை மட்டும் பார்ப்பவர் இந்த அட்டைக்கு இன்னும் கொடுக்க இருக்கிறது என்று எண்ணி மூன்றாம் முறையும் கொடுப்பார். நவம்பரை மட்டும் பார்ப்பவர் டிசம்பரில் மறுப்பார். இரண்டுமே தவறு.

இங்கே அறிகுறியை உறுதிசெய்வது எளிது: ஒரு மாதத்தின் குறையும் அடுத்த மாதத்தின் கூடுதலும் அச்சொட்டாக ஒரே எண்ணாக இருக்கும், அத்தோடு அந்த அட்டைக்கு மட்டுமன்றி, அன்று வாங்கிய அனைவருக்கும் அப்படியே இருக்கும். ஒருவர் உண்மையிலேயே இரண்டு தடவை வாங்கியிருந்தால் முந்தைய மாதத்தில் அதற்கு ஈடான குறை இராது. அந்தச் சிவப்பு தனித்து நிற்கும்.

காரணம் சூத்திரத்தில் இல்லை, ஏட்டின் எண்ணத்தில் இருக்கிறது. எந்த நாளில் வழங்கப்பட்டது என்பதும் எந்த மாதத்துக்காக வழங்கப்பட்டது என்பதும் இரண்டு வேறு விடயங்கள். ஏடு முதலாவதை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதை ஊகிக்கிறது. கூப்பன் புத்தகத்தில் உரிய துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு அரிசி கொடுத்த காலத்தில் இந்தக் கேள்வி எழ இடமில்லை, ஏனெனில் எந்தத் தவணைக்கு என்பதை வெட்டிய துண்டே சொல்லிவிடும். கணினி ஏட்டில் அந்தத் துண்டின் வேலையைச் செய்யவேண்டியது, நாம் வெறுமையாக விட்ட B நிரல்.

அந்த நிரலுக்கு "உரிய மாதம்" என்று தலைப்பிட்டு, ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து ஆறு இலக்க எண்ணாக எழுத வேண்டும்: 2025 ஒக்டோபருக்கு 202510. இதை 2025-10 என்று கோடிட்டு எழுத வேண்டாம், எக்செல் அதையும் திகதியாக்கிவிடும். H1 இலும் இனிமேல் 202510 என்ற எண்ணே இருக்க வேண்டும். எடுத்த அளவின் சூத்திரம் இப்போது சுருங்குகிறது:

```
=SUMIFS('வழங்கல்'!E:E,'வழங்கல்'!C:C,A2,'வழங்கல்'!D:D,B2,'வழங்கல்'!B:B,$H$1)
```

மேலே சோதனைக்குத் தந்த SUMPRODUCT சூத்திரத்திலும் A நிரலைக் கேட்கும் இரண்டு பகுதிகளை எடுத்துவிட்டு, B நிரல் H1 க்குச் சமமா என்று கேட்கும் ஒரு பகுதியை வைக்க வேண்டும். நம் அட்டையில் நவம்பர் 4 வரிக்கு 202510 என்றும் நவம்பர் 22 வரிக்கு 202511 என்றும் இட்டவுடன் இரண்டு மாதங்களிலும் மீதி 0 ஆகிறது. வழங்கிய திகதி A நிரலில் அப்படியே இருக்கிறது. இருப்புப் புத்தகத்தோடு சரிபார்க்கும்போது அதுதான் தேவைப்படும்.

இதில் ஒரு வரம்பு உண்டு. பதிபவர் உரிய மாதத்தைப் பழக்கத்தில் இந்த மாதமாகவே தெரிவுசெய்துவிட்டால் பழைய குழப்பம் புதிய நிரலின் வழியாகத் திரும்பி வரும். நிலுவை வழங்கும் நாளில் அந்தக் கலத்தை ஒருமுறை நிரப்பிக் கீழே இழுத்துவிடுவது, ஒவ்வொரு வரியிலும் கையால் எழுதுவதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் எண்ணைத் தனியாக வைத்து இழுத்தால் எக்செல் சில வேளை 202510, 202511 என்று தொடராக ஏற்றிக்கொண்டு போகும் என்பதால், இழுத்தபின் கடைசிக் கலத்தை ஒருதரம் பார்க்க வேண்டும்.

அதே சிவப்பு, வேறு காரணம்: நாளும் மாதமும் இடம் மாறுதல்

குறையும் கூடுதலும் அடுத்தடுத்த மாதங்களில் விழாமல் சம்பந்தமில்லாத மாதங்களில் சிதறியிருந்தால், அது திகதி வடிவத்தின் வேலை. நாங்கள் 04/11/2025 என்று எழுதினால் நவம்பர் 4. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி அதை ஏப்ரல் 11 என்று வாசிக்கும். 22/11/2025 ஐ அது திகதியாகவே ஏற்காது, ஏனெனில் 22ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. அது வெறும் எழுத்தாக நின்றுவிடும், திகதியைக் கொண்டு கூட்டும் பழைய சூத்திரம் அதைத் தவிர்த்துவிடும். ஆகவே மாதத்தின் முதல் 12 நாள்களில் வழங்கியவை வேறு மாதங்களுக்கு ஓடிப்போயிருப்பதும், 12ஆம் திகதிக்குப் பிந்தியவை எங்கும் காணப்படாமல் இருப்பதும் இந்தக் கோளாறின் கைச்சாத்து.

சோதிப்பதற்கு ஒரு துணை நிரலில் `=ISNUMBER(A2)` என்று இட்டு, FALSE வரும் வரிகளை வடிகட்டுங்கள். அவை எழுத்தாக நிற்பவை. பின்னர் A நிரலின் வடிவத்தை மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும்படி மாற்றுங்கள். நவம்பர் வரிகளுக்கு நடுவே ஏப்ரல் ஒன்று தலைகாட்டினால் அது இடம் மாறியது. ஏடு நாள் ஒழுங்கில் நிரப்பப்படுவதால் இது கண்ணிலேயே அகப்படும். யாராவது இடையில் வரிகளை வரிசைப்படுத்தியிருந்தால் மட்டும் கைப்புத்தகத்தைத் திறக்க வேண்டிவரும்.

திருத்துவதற்கு இரண்டு சூத்திரங்கள் தேவை. முதலாவது எழுத்தாக நிற்பவற்றுக்கு, இரண்டாவது இடம் மாறியவற்றுக்கு:

```
=DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2))
=DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2))
```

இரண்டாவதை நிரல் முழுவதற்கும் இழுத்துவிடக் கூடாது. சரியாக இருக்கும் திகதிகளை அது கெடுத்துவிடும். கெடுத்தபின் எது முதலில் சரி என்று சொல்ல வழியிராது. இடம் மாறியவை என்று உறுதியான வரிகளில் மட்டும் இடுங்கள், அதற்கு முன் கோப்பின் பிரதியொன்றை எடுத்து வையுங்கள்.

மீண்டும் வராமல் தடுப்பது எந்த மென்பொருள் என்பதைப் பொறுத்தது. எக்செல் அந்தந்தக் கணினியின் விண்டோஸ் அமைப்பைப் பின்பற்றுவதால், கடைக் கணினியில் சரியாகவும் நிலையத்துக் கணினியில் பிழையாகவும் பதியப்படலாம். இரண்டிலும் Region பகுதியில் நாள் முன்னால் வரும் வடிவத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். F நிரலில் பதிந்தவர் பெயர் இருப்பது இங்கேதான் கைகொடுக்கும், ஏனெனில் பிழையெல்லாம் ஒருவர் பெயரில் நின்றால் அவர் இருக்கும் கணினியே காரணம். கூகிள் விரிதாளில் அமைப்பு கோப்போடு சேர்ந்தது. File, Settings, Locale என்று சென்று ஒருமுறை மாற்றினால் எல்லாருக்கும் மாறும், ஏற்கெனவே விழுந்த பிழைகளை மட்டும் அது திருத்தாது.

உரிய மாதத்தை B நிரலில் எழுதத் தொடங்கியபின் இந்தப் பிழை ஒப்பீட்டைப் பாதிக்காது. ஆயினும் இருப்புக் கணக்கைப் பாதிக்கும் என்பதால் திருத்தாமல் விடுவது நல்லதல்ல.

அறிகுறி: மாத முடிவில் ஏறக்குறைய எல்லா அட்டைகளிலும் சிறிய மீதி நிற்கிறது

நான்கு பேருக்கு எண்ணெய் 1200 மில்லிலீற்றர். கடையில் அளப்பதோ போத்தல் கணக்கில், போத்தல் 750 மில்லிலீற்றர். ஒன்றரைப் போத்தல் கொடுத்தால் 1125, மீதி 75. நான்கு பேர் உள்ள எல்லா அட்டைகளிலும் இதே 75 நின்றால் ஏட்டில் பிழையில்லை, உரிய அளவு போத்தலுக்குச் சரியாகப் பிரியவில்லை என்பதே விடயம். அந்த 75 ஐ அடுத்த மாதத்தோடு சேர்ப்பதா, காலாவதியாக விடுவதா என்பது நிர்வாகக் குழு எடுக்கவேண்டிய முடிவு; சூத்திரம் எழுதுபவர் எடுக்கக் கூடாது. மீதி அட்டைக்கு அட்டை வேறுபட்டு 1198.5 போன்ற எண்ணாக வந்தால் மட்டும், யாரோ E நிரலில் மில்லிலீற்றருக்குப் பதிலாகப் போத்தல் எண்ணிக்கையான 1.5 ஐ எழுதியிருக்கிறார்கள்.

மீதி 0.00 என்று தெரிந்தும் சிவப்பு விழுந்தால் அது கிலோவைத் தசமத்தில் எழுதியதால் வரும் நுண்ணிய மிச்சம். கிராமிலும் மில்லிலீற்றரிலும் முழு எண்ணாக எழுதும் ஏட்டில் இது வராது.

அறிகுறி: முடித்துவைத்த மாதத்தில் திடீரென மீதி தோன்றுகிறது

ஒக்டோபர் கணக்கை மீதி 0 உடன் முடித்துக் குழுவுக்குச் சமர்ப்பித்தாயிற்று. டிசம்பரில் அதே தாளைத் திறந்தால் J/901-047 க்கு ஒக்டோபரில் அரிசி 4000 கிராம் மீதி என்று நிற்கிறது. ஒக்டோபர் வரிகளை ஒருவரும் தொடவில்லை.

தொட்டது "அட்டைகள்" தாளை. அந்தக் குடும்பத்தில் நவம்பர் 18 அன்று குழந்தை பிறந்ததால் ஆட்தொகை 4 இலிருந்து 5 ஆக மாற்றப்பட்டது, மாற்றியது சரி. ஆனால் உரிய அளவின் சூத்திரம் எப்போதும் இன்றைய ஆட்தொகையையே பெருக்குவதால், குழந்தை பிறக்காத ஒக்டோபருக்கும் ஐந்து பேருக்குரிய 20,000 கிராம் என்று கணக்கிடுகிறது. மரணமோ இடப்பெயர்வோ ஏற்பட்டு ஆட்தொகை குறைந்தால் இது தலைகீழாகி, பழைய மாதங்களெல்லாம் சிவப்பாகும். துக்க வீட்டுக்காரரிடம் கூடுதலாக எடுத்தீர்கள் என்று கேட்கும் நிலை அதனால் வரக் கூடாது.

ஆட்தொகையை மாதத்தோடு கட்டி வைப்பதே வழி. "மாதப்பட்டியல்" என்று புதிய தாளொன்று திறந்து, A இல் உரிய மாதம், B இல் அட்டை இலக்கம், C இல் அந்த மாதத்துக்கான ஆட்தொகை என்று வையுங்கள். ஒவ்வொரு மாதமும் வழங்கலைத் தொடங்குமுன் "அட்டைகள்" தாளின் இலக்கத்தையும் ஆட்தொகையையும் பிரதியெடுத்து, சூத்திரமாக அல்லாமல் பெறுமதியாக (Paste Values) இந்தத் தாளின் அடியில் ஒட்டி, மாதத்தை நிரப்புங்கள். உரிய அளவின் சூத்திரம் இப்படி மாறும்:

```
=SUMIFS('மாதப்பட்டியல்'!C:C,'மாதப்பட்டியல்'!A:A,$H$1,'மாதப்பட்டியல்'!B:B,A2)
  *VLOOKUP(B2,'அளவு'!A:B,2,FALSE)
```

ஒரே மாதத்தின் பட்டியலைத் தவறுதலாக இரண்டு முறை ஒட்டினால் எல்லாருக்கும் உரிய அளவு இரட்டித்துவிடும். ஆகவே ஒட்டிய உடனே அந்த மாதத்து வரிகளின் எண்ணிக்கையை COUNTIF கொண்டு எண்ணி, அட்டைகளின் மொத்தத்தோடு ஒத்துப்பாருங்கள். தலைக்குரிய அளவும் இடையில் மாறக்கூடிய திட்டமாயின் "அளவு" தாளுக்கும் இதே முறையில் மாத நிரல் ஒன்று வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு நவம்பரிலிருந்தா டிசம்பரிலிருந்தா என்பதை ஏடு தானாகச் சொல்லாது. மாதத்தின் முதலாம் திகதியில் உள்ள ஆட்தொகையே அந்த மாதம் முழுவதற்கும் என்று குழு முடிவெடுத்திருந்தால் டிசம்பரிலிருந்து. மாத நடுவிலும் சேர்க்கலாம் என்று முடிவெடுத்திருந்தால் நவம்பர் வரியில் 4 ஐ 5 ஆக்கி, ஏன் மாற்றினீர்கள் என்பதைப் பக்கத்துக் கலத்தில் எழுதிவிட வேண்டும். முதல் விதி கடுமையாகத் தோன்றினாலும் கணக்கு வைப்பவருக்கும் வாங்குபவருக்கும் அதுவே தெளிவானது என்பது என் எண்ணம்.

திருத்தும்போது

காரணம் எதுவாயினும் "வழங்கல்" தாளின் பழைய வரியை அழிக்க வேண்டாம். ஒரே வழங்கல் இரண்டு தடவை பதியப்பட்டிருந்தால், அதே அட்டை, அதே பொருள், அதே உரிய மாதம் ஆகியவற்றோடு அளவை −16000 என்று எழுதிய எதிர்வரி ஒன்றைச் சேர்த்தால் கூட்டுத்தொகை சரியாகும். என்ன நடந்தது என்பதும் ஏட்டில் தெரியும். அது இரட்டைப் பதிவா, உண்மையிலேயே இரண்டு முறை வழங்கியதா என்று ஏட்டை வைத்து மட்டும் தீர்மானிக்க இயலாது. ஒப்பமிட்ட புத்தகத்தில் அந்த அட்டைக்கு எத்தனை ஒப்பங்கள் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அன்றைய மாலை இருப்பு, பதிவுகளின்படி இருக்கவேண்டியதைவிட 16 கிலோ கூடுதலாக இருந்தால் அரிசி இரண்டாம் முறை கடையை விட்டுப் போகவில்லை. ஒப்பமும் இருப்பும் ஒன்றையே சொன்னால் எதிர்வரியை எழுதலாம். இரண்டும் முரண்பட்டால் எதிர்வரி எழுதாமல் முகாமையாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை அந்த அட்டைக்கு அடுத்த மாதத்துக்குரியதை வழக்கம்போல வழங்கலாம்.